புகைப்படத்திலுள்ள வளர்ச்சி வரைபடத்தை வாசிக்கும் முறை

குழந்தைகள் நலப் பிரிவில் எங்களைக் காண வரும் பெற்றோர் பலர், குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டை வீட்டில் வைத்துவிட்டு, அதன் படத்தைக் கைபேசியில் எடுத்து வருகின்றனர். வெளியூரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கும், வேறொரு மருத்துவருக்கும் அப்படத்தையே அனுப்புகின்றனர். படத்தை உருப்பெருக்கிப் பார்த்து, "குழந்தை 15ஆம் கோட்டில் இருக்கிறது, கவலையில்லை" என்று தாமே முடிவு செய்துகொள்வதும் உண்டு. காகிதத்தில் சரியாக இடப்பட்ட புள்ளி, படத்தில் தவறாக வாசிக்கப்படுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அத்தவறு எங்கே நுழைகிறது, அதைத் தவிர்ப்பது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் குழந்தையின் அளவுகளைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

வளைகோடுகள் கூறுவது என்ன?

வரைபடத்தின் அடியில் இடமிருந்து வலமாகக் குழந்தையின் வயது குறிக்கப்பட்டிருக்கும். இடப்பக்கத்தில் கீழிருந்து மேலாக உயரமோ எடையோ குறிக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கிடையே மேல்நோக்கி வளைந்து செல்லும் கோடுகளே சதமானக் கோடுகள். மருத்துவர்கள் பேச்சில் இதைப் பெர்சன்டைல் என்பார்கள்.

சதமானம் என்பது மதிப்பெண் போன்றதன்று. ஒரு பெண் குழந்தையின் உயரம் 20ஆம் சதமானத்தில் உள்ளது என்றால், அதே வயதுடைய 100 பெண் குழந்தைகளை உயர வரிசையில் நிறுத்தும்போது ஏறத்தாழ 20 பேர் அவளைவிடக் குட்டையாகவும் 80 பேர் உயரமாகவும் இருப்பர் என்பதே பொருள். பெற்றோர் இருவரும் குட்டையானவர்களாயின் 20 என்பது அக்குழந்தைக்கு முற்றிலும் இயல்பான இடமாக இருக்கலாம். 50ஆம் கோடு நடுக்கோடு மட்டுமே. எல்லாக் குழந்தைகளும் எட்ட வேண்டிய இலக்கு அன்று.

ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட வரைபடங்களைப் பயன்படுத்துகிறோம். அவற்றின் சதமானப் பதிப்பில் கீழிருந்து 3, 15, 50, 85, 97 என ஐந்து கோடுகள் உள்ளன. 5 முதல் 18 வயது வரை இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வரைபடங்கள் பயன்படுகின்றன. அவற்றின் உயர, எடைப் பகுதிகளில் 3, 10, 25, 50, 75, 90, 97 என ஏழு கோடுகள் உள்ளன. சில பதிவேடுகளில் இந்த எண்களுக்குப் பதிலாக 0, −2, −3 போன்றவை காணப்படும். அவை சதமானங்கள் அல்ல. நடுக்கோட்டிலிருந்து எத்தனை படி விலகல் என்பதைக் காட்டுபவை. அங்கு −2 எனப்படும் கோடு ஏறத்தாழ 3ஆம் சதமானக் கோட்டுக்குச் சற்றுக் கீழே செல்லும்.

கோட்டின் எண் பெரும்பாலும் வலப்பக்க ஓரத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். படம் எடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்த ஓரமே. எண் தெரியாத நிலையில், "கீழிருந்து இரண்டாவது கோடு" என்பதை 15 என்று கொள்வதா, 10 என்று கொள்வதா? முதலில் மொத்தக் கோடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாயின் இரண்டாவது கோடு 15, ஏழாயின் 10. இதைச் செய்யாமல் புள்ளியை வாசிக்கத் தொடங்கக்கூடாது.

வாசிப்பதற்கு முன் மூன்று சரிபார்ப்புகள்

எங்கள் எடுத்துக்காட்டுக் குழந்தை 2022 பிப்ரவரி 12 அன்று பிறந்த பெண் குழந்தை. 2025 ஆகஸ்ட் 20 அன்று அவளுடைய உயரம் 95.6 செ.மீ., எடை 12.4 கிலோ என அளக்கப்பட்டது என்று கொள்வோம்.

முதலாவது, வரைபடம் யாருக்குரியது என்பது. பெண் குழந்தைகளுக்கும் ஆண் குழந்தைகளுக்கும் தனித்தனி வரைபடங்கள் உண்டு. வழக்கமாக நிறத்தைக் கொண்டு அடையாளம் காண்போம். ஆனால் கறுப்பு வெள்ளை நகலைப் படமெடுத்தால் நிறம் போய்விடும். தலைப்பு வெட்டுப்பட்டால் வேறு அடையாளமும் இராது. இதே 95.6 செ.மீ. உயரம் ஆண் குழந்தைகளின் வரைபடத்தில் 15ஆம் கோட்டை ஒட்டி விழும். பெண் குழந்தைகளின் வரைபடத்திலோ அக்கோட்டுக்குச் சற்று மேலே விழும்.

இரண்டாவது, வயது. பிப்ரவரி 12 முதல் ஆகஸ்ட் 12 வரை கணக்கிட்டால் 3 ஆண்டு 6 மாதம் நிறைவுறுகிறது. மீதமுள்ள 8 நாள்களை விட்டுவிடலாம். ஆக வயது 42 மாதம். இதைச் சிலர் 3.6 என்று எழுதுகின்றனர். வேறு சிலர் 3.5 என்று எழுதுகின்றனர். முதலாவது "3 ஆண்டு 6 மாதம்" என்ற பொருளிலும், இரண்டாவது "மூன்றரை ஆண்டு" என்ற பொருளிலும் எழுதப்பட்டிருக்கலாம். புள்ளி வைத்து எழுதப்பட்ட வயதை நம்பாமல், பிறந்த தேதியையும் அளந்த தேதியையும் கொண்டு மாதக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்வது நல்லது. இந்த வயதில் ஒரு மாதம் தவறினால் உயரத்தில் நடுக்கோடு சுமார் 0.6 செ.மீ. நகர்ந்துவிடும்.

மூன்றாவது, அளவிட்ட முறை. இரண்டு வயது நிறையும் வரை குழந்தையைப் படுக்கவைத்து நீளத்தை அளக்கிறோம். அதன்பின் நிற்கவைத்து உயரத்தை அளக்கிறோம். படுத்த நிலை அளவு நின்ற நிலை அளவைவிடச் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். ஆதலால் இரண்டு வயதை ஒட்டி எடுக்கப்பட்ட அளவு எந்த முறையில் எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால், அங்கே காணப்படும் சிறு சரிவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

படம் எங்கே ஏமாற்றுகிறது?

காகிதத்தில் புள்ளியின் உயரத்தை அறிய, அளவுகோலைப் படுக்கையாக வைத்து இடப்பக்க எண்ணைப் பார்ப்போம். கைபேசித் திரையிலும் அதையே செய்யப் பலர் முயல்கின்றனர். திரையின் மேல் ஒரு தாளின் விளிம்பைப் படுக்கையாகப் பிடித்து எண்ணைப் படிக்கின்றனர். இங்குதான் பெரும்பாலான பிழைகள் ஏற்படுகின்றன.

படம் எடுக்கும்போது கைபேசி சற்றே சாய்ந்திருந்தால், வரைபடமும் திரையில் சாய்ந்தே தெரியும். 3 பாகை சாய்வைக் கண் எளிதில் உணராது. ஆனால் புள்ளியிலிருந்து இடப்பக்க அச்சு வரை திரையில் 6 செ.மீ. தொலைவு இருந்தால், 3 பாகை சாய்வு அச்சில் சுமார் 3 மி.மீ. பிழையாக வந்து நிற்கும். அத்திரையில் 1 கிலோ எடைக்கு 5 மி.மீ. இடம் இருக்குமாயின், பிழை 0.6 கிலோ. 12.4 கிலோ என்று இடப்பட்ட புள்ளி 13 கிலோ என வாசிக்கப்படும். 42 மாதப் பெண் குழந்தைக்கு 15ஆம் சதமானக் கோடு ஏறத்தாழ 13 கிலோவில்தான் செல்கிறது. கோட்டுக்குத் தெளிவாகக் கீழே இருக்கும் குழந்தை, கோட்டின் மேலேயே இருப்பதாக வீட்டார் முடிவு செய்துவிடுவர்.

கைபேசியை மேல்பக்கம் சாய்த்துப் பிடித்தால் வேறொரு கோளாறு நேரும். அருகிலுள்ள கட்டங்கள் பெரிதாகவும் தொலைவிலுள்ளவை சிறிதாகவும் தெரியும். கீழே ஒரு கிலோவுக்கு இருந்த இடம் மேலே ஒரு கிலோவுக்கு இராது. தைக்கப்பட்ட பதிவேடாயின், நடுத்தையலை ஒட்டிய பகுதி குழிந்து, அங்குள்ள நேர்கோடுகளும் வளைந்து காணப்படும்.

இவை அனைத்துக்கும் தீர்வு ஒன்றே. திரையின் விளிம்பையோ அளவுகோலையோ நம்பாமல், அச்சிடப்பட்ட கட்டக் கோடுகளையே பின்தொடர வேண்டும். படம் சாய்ந்தால் கட்டக் கோடும் உடன் சாய்கிறது. தாள் வளைந்தால் அதுவும் உடன் வளைகிறது. புள்ளிக்கு அருகிலுள்ள படுக்கைக் கோட்டை விரலால் தொட்டு, அது எப்படிச் செல்கிறதோ அப்படியே இடப்பக்கம் வரை சென்று எண்ணைப் படியுங்கள். பிறகு புள்ளி அக்கோட்டிலிருந்து எத்தனை கட்டம் மேலே அல்லது கீழே உள்ளது என்று எண்ணுங்கள். ஒரு கட்டம் எத்தனை செ.மீ. அல்லது எத்தனை கிலோ என்பதை, அச்சிலுள்ள இரண்டு எண்களுக்கிடையே எத்தனை கட்டங்கள் உள்ளன என்று எண்ணி முன்னதாகவே அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டு கோடுகளுக்கிடையே வாசிப்பது

இனி நம் எடுத்துக்காட்டுக் குழந்தையின் உயரத்தை வாசிப்போம். அடியில் 3 ஆண்டு எனக் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து ஆறு மாதக் கோடுகள் வலப்பக்கம் எண்ணி, 42ஆம் மாதச் செங்குத்துக் கோட்டைக் கண்டுபிடிக்கிறோம். அக்கோட்டின் வழியே மேலே ஏறுகிறோம். முதலில் 3ஆம் சதமான வளைகோடு ஏறத்தாழ 91.4 செ.மீ.யில் குறுக்கிடுகிறது. அடுத்து 15ஆம் கோடு 94.8 செ.மீ.யில் குறுக்கிடுகிறது. நடுக்கோடு 99.0 செ.மீ.யில் வருகிறது. நம் புள்ளி 95.6 செ.மீ.யில் உள்ளது. எனவே அது 15ஆம் கோட்டுக்கும் 50ஆம் கோட்டுக்கும் இடையே, 15ஐ ஒட்டி உள்ளது. இரண்டுக்குமிடையேயுள்ள 4.2 செ.மீ. இடைவெளியில் புள்ளி 0.8 செ.மீ. ஏறியிருக்கிறது, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சதமானம் 20ஐ ஒட்டியது என்று கொள்ளலாம்.

இங்கே நாங்கள் செங்குத்துக் கோட்டை விட்டு விலகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வளைகோடுகள் சரிந்து ஏறுவதால், புள்ளிக்கு மிக அருகில் தெரியும் வளைகோட்டுப் பகுதி பெரும்பாலும் புள்ளிக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ இராது. சற்றுப் பக்கவாட்டில், வேறொரு மாதத்துக்குரிய இடத்தில் இருக்கும். கண் இயல்பாக அந்தக் குறுகிய தொலைவையே அளக்கும். அப்படி அளந்தால் குழந்தையை அவளைவிட இளைய அல்லது மூத்த குழந்தைகளோடு ஒப்பிட்டதாகிவிடும். ஒப்பீடு அதே வயதினரோடு மட்டுமே செய்யப்பட வேண்டும். ஆகவே படத்தில் செங்குத்துக் கோடு சாய்ந்து தெரிந்தாலும், அச்சாய்ந்த கோட்டின் வழியேதான் ஏற வேண்டும்.

எடையையும் அவ்வாறே வாசிப்போம். 42ஆம் மாதத்தில் 3ஆம் கோடு ஏறத்தாழ 11.8 கிலோ, 15ஆம் கோடு 13.0 கிலோ, நடுக்கோடு 15.0 கிலோ. நம் குழந்தையின் 12.4 கிலோ, முதல் இரண்டு கோடுகளின் நடுவில் விழுகிறது. 3க்கும் 15க்கும் நடு 9 என்று கணக்கிடத் தோன்றும். உண்மையில் அது 7ஐ ஒட்டி வரும். கோடுகளின் ஓரப் பகுதிகளில் குழந்தைகள் குறைவாகவும் நடுப்பகுதியில் நெருக்கமாகவும் இருப்பதால், இடைவெளியைச் சமமாகப் பிரித்தால் சிறு வேறுபாடு ஏற்படும். படத்திலிருந்து வாசிக்கும்போது இத்தகைய துல்லியத்துக்கு முயல வேண்டாம். "3ஆம் கோட்டுக்கும் 15ஆம் கோட்டுக்கும் நடுவில்" என்று எழுதிக்கொள்வதே நேர்மையான வாசிப்பு. மருத்துவருக்கும் அதுவே போதும்.

எடை கூடியும் கோடு இறங்குவது

உயரம் 20, எடை 7. இவ்விரண்டு எண்களை மட்டும் கண்டால், சிறிய உடலமைப்புடைய குழந்தை என்று கூறி அனுப்பிவிடத் தோன்றும். படத்தில் இன்னும் இரண்டு பழைய புள்ளிகள் உள்ளன. அவற்றையும் வாசிப்போம்.

2024 பிப்ரவரியில், 24 மாத வயதில், நின்ற நிலை உயரம் 83.0 செ.மீ.; எடை 11.5 கிலோ. உயரம் 20ஐ ஒட்டியது. எடையோ நடுக்கோட்டின் மேலேயே உள்ளது. 2024 ஆகஸ்டில், 30 மாத வயதில், உயரம் 87.7 செ.மீ.; இதுவும் 20ஐ ஒட்டியதே. எடை 11.6 கிலோ, அவ்வயதில் நடுக்கோடு 12.7 கிலோ என்பதால், இது 15க்கும் 50க்கும் இடையே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஓராண்டில் நாம் வாசித்த 12.4 கிலோ, 15ஆம் கோட்டையும் கடந்து கீழே வந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் எடை முந்தையதைவிடக் கூடியிருக்கிறது. தாய் அதைக் கண்டு மனநிறைவு கொண்டிருப்பார். பதிவேட்டில் எழுதப்பட்ட எண்களில் எங்கும் குறைவு தெரியாது. ஆனால் நடுக்கோட்டில் இருந்த குழந்தை அக்கோட்டிலேயே தொடர்ந்திருந்தால் இந்த 18 மாதங்களில் 3.5 கிலோ கூடியிருக்க வேண்டும். இவளுக்குக் கூடியது 0.9 கிலோ. உயரம் தன் பாதையில் பிசகாமல் செல்ல, எடை மட்டும் நடுக்கோட்டிலிருந்து விலகி, 15ஆம் கோட்டையும் தாண்டி இறங்கியிருக்கிறது. உணவு போதாமையோ, நாள்பட்ட வயிற்றுப்போக்கோ, மீண்டும் மீண்டும் வரும் சளி, காய்ச்சலோ, ஓயாத இருமலோ முதலில் எடையையே தாக்கும். நீண்ட காலம் நீடித்த பின்னரே உயரத்தைத் தாக்கும். ஆகவே காரணத்தைத் தேடுவதற்கு இதுவே உரிய நேரம்.

முன்னர் கூறிய 0.6 கிலோ பிழையை இங்கே நினைவுகூருங்கள். சாய்ந்த படத்திலிருந்து 13 கிலோ என்று வாசித்திருந்தால், இறுதிப் புள்ளி 15ஆம் கோட்டின் மேலேயே இருப்பதாகத் தோன்றியிருக்கும். இறக்கம் குறைந்து தெரிந்திருக்கும். "சற்று மெலிந்திருக்கிறாள், அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று வீட்டார் இருந்துவிடவும் கூடும்.

இத்தகைய குழந்தை வரும்போது, அவளை மீண்டும் எடைபார்ப்பதே எங்கள் முதல் வேலை. காலணியின்றி, மெல்லிய உடையில், ஒரே எடைக்கருவியில் பார்க்கிறோம். வேறு வேறு இடங்களில் வேறு வேறு கருவிகளில் எடுத்த எடைகள் சில நூறு கிராம் மாறுபடுவது இயல்பு. அளவு உறுதியான பின், அவளுடைய உயரத்துக்கு ஏற்ற எடை உள்ளதா என்பதைத் தனி வரைபடத்தில் காண்கிறோம். பிறகு ஒரு நாளில் என்னென்ன, எத்தனை முறை உண்கிறாள், பால் மட்டுமே அதிகம் குடித்துச் சோற்றைத் தவிர்க்கிறாளா, மலம் எப்படிப் போகிறது, வீட்டில் யாருக்கேனும் நாள்பட்ட இருமல் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். பரிசோதனைகள் இவற்றின் அடிப்படையிலேயே முடிவு செய்யப்படும். வரைபடம் நோயின் பெயரைக் கூறாது. எப்போதிலிருந்து தேட வேண்டும் என்பதை மட்டும் காட்டும்.

வாசிக்கத்தக்க படம் எடுப்பது எப்படி?

பதிவேட்டை மேசையின்மேல் முழுவதும் விரித்து, தையல் பகுதி குழியாதவாறு ஓரங்களை அழுத்தி வையுங்கள். சாளரத்தின் அருகே பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மின்னொளி பளிச்சிட்டால் மெழுகுத்தாளில் கோடுகள் மறைந்துவிடும். கைபேசியைத் தாளுக்கு நேர் மேலே, மேசைக்கு இணையாகப் பிடியுங்கள். மிக அருகில் கொண்டு செல்லாமல், சற்று உயரத்தில் பிடித்து இரு மடங்கு உருப்பெருக்கி எடுத்தால் ஓரங்கள் வளைவது குறையும். தாளின் நான்கு மூலைகளும், மேலுள்ள தலைப்பும், வலப்பக்கக் கோட்டு எண்களும் படத்தில் அடங்கியுள்ளனவா என்று பாருங்கள். எடுத்த படத்தில் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஏறத்தாழ ஒரே அகலமாகத் தெரிந்தால் படம் நன்று. ஒன்று குறுகியிருந்தால் மீண்டும் எடுங்கள்.

இதோடு, தேதியும் உயரமும் எடையும் எண்களாக எழுதப்பட்ட பக்கத்தையும் தனியே படமெடுத்து அனுப்புங்கள். அந்த எண்கள் கையில் இருந்தால், புள்ளியைச் சரியாக வாசித்தோமா என்று மட்டுமல்லாமல், புள்ளியே சரியான இடத்தில் வைக்கப்பட்டதா என்றும் எங்களால் அறிய முடியும். வயதில் ஆறு மாதம் தள்ளி வைக்கப்பட்ட புள்ளிகளை நாங்கள் கண்டதுண்டு. எண்ணும் புள்ளியும் முரண்பட்டால் எண்ணையே கொள்ள வேண்டும்.

எப்போது நேரில் வர வேண்டும்?

உயரமோ எடையோ 3ஆம் கோட்டுக்குக் கீழே வாசிக்கப்பட்டாலும், முன்பு இருந்த பாதையை விட்டு இரண்டு கோடுகளைக் கடந்து இறங்கியிருந்தாலும், ஓராண்டாக உயரப் புள்ளிகள் ஏறாமல் படுக்கையாகச் சென்றாலும், படத்தை அனுப்பி விடைக்காகக் காத்திராமல் குழந்தையை அழைத்து வாருங்கள். எடை மேல்நோக்கிக் கோடுகளைக் கடந்து செல்வதும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. பிறந்து முதல் இரண்டு ஆண்டுகளில் மட்டும், குழந்தை பெற்றோரிடமிருந்து பெற்ற தன் இயல்பான பாதையைத் தேடிக் கோடு மாறுவது உண்டு. அதனையும் மருத்துவர் பார்த்தே இயல்பானது என்று கூற வேண்டும்.

வரும்போது கைபேசியிலுள்ள படத்தோடு பதிவேட்டையும் தவறாமல் கொண்டு வாருங்கள்.